தினமும் 80 சதவீதம் போதும்: மின்சாரக் காருக்குச் சார்ஜ் வரம்பு வைக்கும் முறை

மின்சாரக் கார் வாங்கிய புதிதில் பலரும் இரவில் பிளக்கைச் செருகிவிட்டு, காலையில் 100 சதவீதம் பார்த்தால்தான் நிம்மதி அடைகிறார்கள். சில கார்களுக்கு அது நல்லதல்ல. வரம்பு வைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், உங்கள் பேட்டரி எந்த வகை?

ஹூண்டாய் அயானிக் 5, கிரெட்டா எலெக்ட்ரிக் போன்றவற்றில் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை. டாடா நெக்ஸான் இவி, பிஒய்டி அட்டோ 3, மஹிந்திரா பிஇ 6 ஆகியவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனப்படும் எல்எஃப்பி. உங்கள் கார் எந்த வகை என்பதைக் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்எம்சி செல் முழுதாக நிரம்பும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உயர் வோல்ட்டில் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் மெல்லச் சிதைகின்றன. வெயில் அதை இன்னும் வேகப்படுத்துகிறது. கெடுதல் 100-ஐத் தொடுவதில் அவ்வளவாக இல்லை, 100-லேயே மணிக்கணக்கில் நிற்பதில்தான் இருக்கிறது. மே மாதச் சென்னையில், திறந்தவெளி பார்க்கிங்கில், நிரம்பிய பேட்டரியோடு நாள் முழுக்க நிற்கும் கார்தான் அதிகம் பாதிக்கப்படும்.

வரம்பை வைப்பது

என்எம்சி காரென்றால், கார் திரையில் இவி மெனுவைத் திறந்து, சார்ஜிங் வரம்புப் பகுதிக்குப் போங்கள். ஹூண்டாய் கார்களில் வீட்டுப் பிளக்கில் வரும் ஏசி மின்சாரத்துக்கும், வெளியே வேகச் சார்ஜர் தரும் டிசி மின்சாரத்துக்கும் தனித்தனி வரம்பு உண்டு. 50 முதல் 100 வரை பத்துப் பத்தாக மாற்றலாம். வீட்டில் ஏற்றுவது ஏசி, ஆகவே அதை 80-இல் வையுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

80 போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 யூனிட் பேட்டரி, நகரத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 45 கிலோமீட்டர் ஓட்டினால் செலவு ஆறரை யூனிட், அதாவது 13 சதவீதம். வீடு திரும்பும்போதும் 67 மீதமிருக்கும்.

வரம்பு வைக்கும் வசதியே இல்லாத காரென்றால், நேரத்தை வைத்துக் கட்டுப்படுத்தலாம். 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் வரும். இந்தப் பேட்டரிக்கு அது 6 சதவீதம். 50-லிருந்து 80-க்கு ஐந்து மணி நேரம் டைமர் வைத்தால் போதும். ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 80-க்குச் சற்றுக் கீழேயே நிற்கும், பரவாயில்லை.

எப்போது 100?

சென்னையிலிருந்து திருச்சி, 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அதே கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர்தான் தரும். 80-இல் கிளம்பினால் கையில் 40 யூனிட். உளுந்தூர்பேட்டை வரை 200 கிலோமீட்டருக்கு 33 போய்விடும், மிச்சம் 7. 100-இல் கிளம்பினால் மிச்சம் 17. அங்கிருந்து திருச்சிக்கு 22 யூனிட், கைக்காவலுக்கு 5, ஆக 27 வேண்டும். முதல் கணக்கில் 20 யூனிட் ஏற்ற வேண்டும், இரண்டாவதில் 10 போதும். 50 கிலோவாட் சார்ஜரில் அரை மணி நேரம் கால் மணி நேரமாகக் குறையும்.

நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உளுந்தூர்பேட்டை சார்ஜர் பழுதாகிக் கிடந்தால், 7 யூனிட்டோடு 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் தவிக்க வேண்டும். 17 யூனிட் இருந்தால் பெரம்பலூர் வரை தாராளமாகப் போகலாம். அந்த இரவு 100 வரை ஏற்றுவதில் தயக்கமே வேண்டாம்.

ஏற்றும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்புவதென்றால், 7 கிலோவாட் வீட்டுச் சார்ஜரில் கடைசி 20 சதவீதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, இரவு 80-இல் நிறுத்தி 3 மணிக்கு மறுபடி தொடங்குமாறு அட்டவணை வையுங்கள். நிரம்பியதும் கிளம்பிவிடலாம். ஊர் திரும்பியதும் வரம்பை மறக்காமல் 80-க்கு இறக்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மலையுச்சியில் மட்டும் 100 வேண்டாம். ஊட்டியில் முழுதாக ஏற்றிவிட்டுக் கோத்தகிரி வழியாக இறங்கினால், வேகம் குறையும்போது பிறக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. வழக்கமாகக் காரை இழுத்துப் பிடிக்கும் அந்தத் தடை குறைந்து, பிரேக்கைத்தான் அதிகம் மிதிக்க வேண்டிவரும்.

எல்எஃப்பி வைத்திருப்பவர்களுக்கு

இந்த வகையில் சார்ஜ் குறைந்தாலும் பெரும்பகுதி தூரம் வோல்ட் ஒரே சீராக நிற்கும். அதனால் மிச்சம் எவ்வளவு என்று வோல்ட்டை வைத்து மட்டும் காரால் கணிக்க முடிவதில்லை. முழுதாக நிரம்பும்போதுதான் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். எல்எஃப்பி கார்களை வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றும்படி டெஸ்லா சொல்வது இதனால்தான். மற்ற கார்களுக்கு எத்தனை நாளுக்கொரு முறை என்பது கையேட்டில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது 25 சதவீதம் திடீரென்று 15-க்குக் குதித்தால், முழுச் சார்ஜ் கொடுத்து நாளாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். ஒருமுறை 100 வரை, தானாக நிற்கும்வரை ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எண் குதித்தால் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.