கைபேசி எண் மாறும்போது யுபிஐ முகவரியை மாற்றும் முறை

எண்ணை மாற்றிவிட்டால் பழைய எண்ணுக்கு அனுப்பும் பணம் நின்றுவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடனே நிற்பதில்லை. பணம் பெறுவதற்கு உங்கள் சிம் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்பதால், பழைய எண்ணுக்கு அனுப்பியது வழக்கம்போல உங்கள் கணக்கில் வந்து சேரும். என் தந்தையின் எண்ணை மாற்றிக் கொடுத்தபோது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் இந்த இடைக்காலமே பெரிய சிக்கல் என்று புரிந்துகொண்டேன்.

காரணம் இதுதான். தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேடு ஒன்றில் ஒவ்வொரு கைபேசி எண்ணும் ஒரே ஒரு யுபிஐ முகவரியோடு இணைக்கப்பட்டிருக்கும். அனுப்புபவர் எண்ணைத் தட்டினால், அந்தப் பதிவேடு எந்த முகவரியைக் காட்டுகிறதோ அங்கே பணம் போகும். நீங்கள் மூன்று செயலிகள் வைத்திருந்தாலும், எண் ஒன்றுக்குத்தான் வழிகாட்டும்.

முதற்படியைப் பழைய சிம் இயங்கும்போதே முடித்துவிட வேண்டும். செயலியின் அமைப்புகளில் `UPI number` என்ற பகுதியைத் திறந்து, பழைய எண்ணை நீக்குங்கள். பிறகு அந்தச் செயலியிலிருந்து வங்கிக் கணக்கையும் நீக்குங்கள். வேறு செயலிகள் இருந்தால் அவற்றிலும் இதையே செய்யுங்கள். ஒன்றில் நீக்கியது மற்றொன்றின் முகவரியை அழிக்காது.

இரண்டாவதாக, வங்கியில் எண்ணை மாற்றுங்கள். கிளை, ஏடிஎம், இணைய வங்கி ஆகியவற்றில் எது சாத்தியம் என்பது வங்கியைப் பொறுத்தது. நேரில் செல்வதையே நான் விரும்புவேன். இணையவழியில் பெரும்பாலும் பழைய எண்ணுக்கே ஒருமுறைக் கடவுச்சொல் வரும்.

மூன்றாவதாக, புதிய சிம்மைப் பொருத்திச் செயலியில் பதிவுசெய்யுங்கள். செயலி தானாக அந்தச் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். வங்கிப் பதிவில் புதிய எண் ஏறியிருந்தால்தான் கணக்கு தென்படும். பலர் திணறும் இடம் இதுவே. வங்கி “மாற்றிவிட்டோம்” என்று சொன்ன பிறகும் கணக்கு தென்படாவிட்டால், பெரும்பாலும் மாற்றம் இன்னும் பதிவில் ஏறவில்லை என்று பொருள். செயலியை அழித்து மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

பதிவு முடிந்தபின் வேறொருவரைப் புதிய எண்ணுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அவர் திரையில் தோன்றும் பெயர் வங்கிப் பதிவில் உள்ள உங்கள் பெயராக இருக்க வேண்டும். பழைய எண்ணையும் தட்டச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் பெயர் இன்னும் வந்தால் ஏதோ ஒரு செயலியில் பதிவு மிச்சமிருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறொருவருக்கு வழங்கக் கூடாது, அதன்பின் வழங்கலாம். துண்டிக்கப்பட்ட, மறுவழங்கப்பட்ட எண்களின் பட்டியலைக் கொண்டு வங்கிகளும் செயலிகளும் வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று 2025-இல் விதி வந்துள்ளது. ஆயினும் புதிய உரிமையாளர் அந்த எண்ணைத் தம் பெயரில் இணைத்துவிட்டால், அதற்கு வரும் பணம் அவருக்குத்தான் போகும். அனுப்புபவரின் தொலைபேசிப் புத்தகத்தில் உங்கள் பெயரே இருப்பதால் அவருக்குச் சந்தேகம் எழாது; வங்கிப் பெயரைப் படித்தவர் மட்டுமே நிறுத்துவார். போன பணத்தை அனுப்பியவர் தாமாகத் திரும்ப எடுக்க முடியாது. வங்கியில் புகார் கொடுத்து, பெற்றவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அச்சிட்ட க்யூஆர் குறி வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள். குறிக்குள் இருப்பது இப்படியொரு வரி:

```
upi://pay?pa=peyar@bank&pn=Peyar
```

`pa=` என்பதற்குப் பின் வருவதே முகவரி. அங்கே பழைய எண் இருந்தாலோ, நீங்கள் நீக்கிவிட்ட பழைய முகவரி இருந்தாலோ புதிய குறியை அச்சிட்டாக வேண்டும். எண்ணில் தொடங்கும் முகவரியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பெயரில் தொடங்கும் முகவரியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் எண் அந்நியரிடம் போகாது.

பிற்சேர்க்கை: பழைய சிம் ஏற்கெனவே செத்துவிட்டது, என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எண் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், அடையாளச் சான்றுடன் நிறுவனத்தில் மாற்று சிம் வாங்கி முதற்படியிலிருந்து தொடங்குவதே எளிது. எண் கைவிட்டுப் போயிருந்தால், கிளையில் எண் மாற்ற விண்ணப்பத்துடன், பழைய எண்ணில் உள்ள யுபிஐ பதிவை நீக்கக் கோரும் கடிதத்தையும் தனியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றியவர்களுக்கு முகவரியில் மாற்றம் எதுவும் இல்லை. புதிய சிம்மைச் செயலியில் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.