டோக்கனைப் பங்கு போடும்போது பதிலுக்கு முதலில் எடுத்து வையுங்கள்

மாடல் உரையைச் சிறு துண்டுகளாக்கித்தான் படிக்கும், எழுதும்; அந்தத் துண்டுதான் டோக்கன். உள்ளே கொடுப்பதும் பதிலும் சேர்த்து 8192 டோக்கன் கொள்ளும் மாடலில் சாட்பாட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் நிலையான கட்டளை, பயனரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள், பழைய உரையாடல் எல்லாவற்றையும் திணித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தைப் பதிலுக்கு விடுகிறார்கள். உரையாடல் நீண்டதும் பதில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பல ஏபிஐகளில் அப்போது `finish_reason` என்ற இடத்தில் `length` என்று வரும்.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். எண்ணிக்கையில் பிழை வந்தால் சமாளிக்க 192, பதிலுக்கு 1000, கட்டளைக்கு 900. நினைவுகளுக்கு அதிகபட்சம் 1200. மீதி 4900 அண்மைச் செய்திகளுக்கு. நினைவுகள் 400-தான் வந்தன என்றால், மிஞ்சும் 800-ஐயும் செய்திகளுக்கே கொடுத்துவிடலாம்.

இடம் போதாதபோது கட்டளையில் கை வைக்காதீர்கள். பழைய செய்திகளைக் கேள்வியும் பதிலுமாகச் சேர்த்தே நீக்குங்கள். கேள்வி போய்ப் பதில் மட்டும் தங்கினால் மாடல் குழம்பும். நினைவுக் குறிப்பையும் நடுவில் வெட்டக் கூடாது. ‘வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது’ என்பது ‘வேர்க்கடலை’ என்று நின்றால் என்ன ஆகும்! பொருத்தம் குறைந்த குறிப்பை முழுசாக விட்டுவிடுங்கள்.

அப்புறம், எழுத்தை எண்ணி டோக்கனை ஊகிக்க வேண்டாம். பல மாடல்களில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாகும். அந்த மாடலின் டோக்கனைசரிலேயே எண்ணுங்கள்.