மாதவிலக்குகளுக்கு நடுவே லேசாகப் படுவது: பாலிப் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மாதவிலக்கு நின்று ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. இரண்டு நாள் பட்டுவிட்டு நின்றுவிடும். அடுத்த மாதமும் அதேதான். நாற்பதைத் தாண்டியவர் என்றால் ‘நிற்கப்போகிற வயசு, இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுவார்கள். மருந்துக்கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. மாத்திரை சாப்பிடும்வரை கசிவு அடங்கியிருக்கும். காரணம் பாலிப்பாக இருந்தால் அது உள்ளே அப்படியேதான் இருக்கும்.

பாலிப் என்பது கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஒரு இடம் மட்டும் கூடுதலாக வளர்ந்து, மெல்லிய காம்பிலோ அகன்ற அடியிலோ நிற்கிற மென்மையான சதை. சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதற்குள்ளே தனி ரத்தக்குழாய் ஓடும். நுனி புண்ணாகும்போது கசியும். அதனால்தான் தேதி பார்க்காமல் படுகிறது. கர்ப்பப்பை வாயிலும் இப்படி வளரும். அந்த இடத்தில் உரசல் பட்டாலே கசியும் என்பதால் உடலுறவுக்குப் பிறகு படுவது அதன் வழக்கமான அடையாளம். இடையில் படுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

அதிகம் கோட்டைவிடுவது ஸ்கேன் எடுக்கும் நாளில். ஒரு 42 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்கு தொடங்கிய 22ஆம் நாள் ஸ்கேன் எடுக்கிறார். ‘உள்சவ்வு 14 மி.மீ., தடிப்பு’ என்று ரிப்போர்ட் வருகிறது. அந்தச் சமயத்தில் சவ்வு இயல்பாகவே தடித்து, ஸ்கேனில் வெண்மையாகத் தெரியும். பாலிப்பும் வெண்மைதான். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதே பெண் அடுத்த சுற்றில் ரத்தப்போக்கு நின்றதும், 7ஆம் நாள் போல பிறப்புறுப்பு வழியாக உள் ஸ்கேன் எடுத்தால், மெல்லிய சவ்வுக்கு நடுவே 12 மி.மீ. அளவில் ஒரு வெண்திட்டும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் அதற்குள் போகும் ஒற்றை ரத்தக்குழாயும் தெரியக்கூடும். அதனால் மாதவிலக்கு வருகிறவர்கள் பத்தாம் நாளுக்குள் ஸ்கேனை வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், மெல்லிய குழாய் வழியாக உப்புநீரைச் செலுத்தி ஸ்கேன் செய்வார்கள். நீர் சுவர்களை விலக்கிவிடுவதால் பாலிப் தனியாக நிற்பது தெரியும்.

அடுத்தது டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது. ‘க்ளீன் பண்ணியாச்சு, ரிப்போர்ட்டும் நார்மல்’ என்று நிம்மதியாக இருப்பார்கள், இரண்டே மாதத்தில் மறுபடி படும். கண்ணால் பார்க்காமல் செய்கிற சுரண்டல் அது. கருவி பட்ட இடத்துச் சவ்வுதான் பரிசோதனைக்குப் போகும். காம்பில் ஆடும் பாலிப் கருவிக்கு வழிவிட்டு நழுவிவிடலாம். பாலிப் என்று சந்தேகம் இருக்கும்போது டி அண்ட் சியை மட்டும் செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹிஸ்டரோஸ்கோபி வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை கர்ப்பப்பை வாய் வழியாக நுழைத்து, உப்புநீரால் உள்ளே விரித்து, திரையில் பார்த்தபடியே பாலிப்பை அடியோடு வெட்டி எடுப்பார்கள். வயிற்றில் கீறல் கிடையாது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் பிடித்து இழுக்கும் வலியும், சில நாள் லேசான கசிவும் இருக்கும். பேட் நனையும் அளவு ரத்தம், காய்ச்சல், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இருந்தால் காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவதும் தொற்றும் அரிது, ஆனால் நடக்கக்கூடியவை.

கர்ப்பப்பை வாய்ப் பாலிப் இன்னும் எளிது. பரிசோதனை மேசையிலேயே இடுக்கியால் பிடித்து முறுக்கி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. அப்புறம் ‘எடுத்தாச்சு’ என்று நிறுத்திவிடுவதுதான் தவறு. வாயில் ஒன்று இருப்பவருக்கு உள்ளேயும் ஒன்று இருப்பது அபூர்வமல்ல. எடுத்த பிறகும் இடையில் பட்டால் உள்ளே பார்த்தாக வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும், சந்தேகப்படும்படி இல்லாவிட்டால், பொதுவாக எடுக்காமல் விட்டுவைப்பார்கள்.

எடுத்த சதை எதுவானாலும் பயாப்ஸிக்குப் போக வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடம் காட்டவும் வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலான பாலிப்கள் சாதாரணமானவை, அதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. புற்றுநோய் சாத்தியம் சிறியதுதான். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கண்டவர்களுக்கு அது கூடுகிறது. அவர்கள் ஸ்கேனுக்கு நாள் பார்க்க வேண்டாம், ஒரு துளி பட்டாலும் போய்விட வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படித்தான், அந்த மாத்திரையாலேயே பாலிப் வளரும்.

எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 6 மி.மீ. பாலிப் தெரிந்தது, ரத்தக்கசிவோ கருத்தரிப்புச் சிக்கலோ இல்லை, மாதவிலக்கும் சரியாக வருகிறது என்றால் அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டாம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவானவை தானாகவே மறைவதும் உண்டு என்பதால், சில மாதம் கழித்து மறு ஸ்கேன் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.