ரெண்டு பஸ்ஸுமே வரலன்னா போத் போடாதீங்க

கொழிஞ்சாம்பாறைல தமிழ் மீடியம் படிக்கிற எங்க அக்கா பொண்ணு நேத்து இங்கிலீஷ் நோட்ல கோயம்புத்தூர் பஸ்ஸும் பாலக்காடு பஸ்ஸும் வரலன்னு சொல்ல "போத் பஸ்ஸஸ் டிட் நாட் கம்"னு எழுதியிருந்தா, நம்ம "ரெண்டுமே வரல"யை அப்படியே மாத்துனா இப்படித்தான் வரும், ஆனா இதைப் படிக்கிறவங்க ஒரு பஸ் மட்டும் வந்துச்சுன்னும் எடுத்துக்கலாம். ரெண்டுமே இல்லைன்னா நைதர் தான். "நைதர் பஸ் கேம்." இதுக்குள்ளயே இல்லைங்கிறது இருக்கு, அதனால மறுபடி நாட் வேண்டாம்.

அடுத்து வெர்ப். நைதர்னா அதுவும் இல்ல இதுவும் இல்லன்னு ஒவ்வொண்ணா பாக்குறோம், அதான் ஒருமை: "நைதர் பஸ் ஹேஸ் கம்." ஆஃப் சேர்த்தா பின்னாடி பன்மை வரணும், "நைதர் ஆஃப் த பஸ்ஸஸ் ஹேஸ் கம்", அந்த பஸ்ஸஸைப் பாத்துதான் பிள்ளைங்க ஹேவ் போட்டுடறாங்க. பேச்சுல ஹேவ் சகஜம், பரீட்சைல ஹேஸ் எழுதுங்க. ரெண்டுல ஏதோ ஒண்ணுன்னு சொல்ற ஈதருக்கும் இதே கணக்குதான்.

போத் மட்டும் எப்பவும் பன்மை, "போத் பஸ்ஸஸ் ஹேவ் கம்", ரெண்டும் நிஜமா வந்துட்டா அப்போ எழுதுங்க.