தினமும் ஒரு முட்டை: உங்கள் எல்.டி.எல் ஏறுகிறதா என்று வீட்டிலிருந்தே சோதித்துப் பார்ப்பது எப்படி

எங்கள் அப்பா 58 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு 50 தாண்டியதும் வீட்டில் எல்லோருக்கும் மஞ்சள் கருவைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. கோத்தகிரிக் குளிரில் காலையில் அவித்த முட்டை இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. ஆனாலும் மஞ்சளைத் தனியாக எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, வெள்ளையை மட்டும் சாப்பிட்டு வந்தேன். அது தேவைதானா என்று தெரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆனது. முதல் தடவை நான் சோதனையைத் தப்பாகச் செய்ததுதான் காரணம். அந்த இடத்தில் யாரும் வழுக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது எல்லோருக்குமான சோதனை இல்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அத்தனையும் மஞ்சளில்தான். ஆனால் நாம் தின்னும் கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. நம் உடம்புக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலோருக்கு உற்பத்தியும் உறிஞ்சுவதும் குறைந்து, கணக்கு ஓரளவு சரியாகிவிடும். சிலருக்கு அந்தச் சரிக்கட்டல் போதாமல், ரத்தக் குழாயில் படியும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல் நன்றாகவே ஏறும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் என்ற பழைய எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் எடுத்துவிட்டது. ஆரோக்கியமானவர்கள் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்று 2019-இல் அமெரிக்க இதயச் சங்கமும் சொன்னது. அதே 2019-இல் ஏறக்குறைய முப்பதாயிரம் அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, முட்டை கூடக் கூட இதய நோயும் கூடியதாகக் காட்டியது. அடுத்த வருடமே வந்த இன்னொரு பெரிய ஆய்வில் தினம் ஒன்று வரை அப்படி எதுவும் தெரியவில்லை. இவை எல்லாம் கூட்டத்தின் சராசரி. உங்கள் உடம்பு எந்தப் பக்கம் என்பதை உங்கள் ரத்தம்தான் சொல்லும்.

முதல் படி: தொடக்க அளவு

ரத்தத்தில் உள்ள கொழுப்புகளை அளக்கும் லிப்பிட் புரொஃபைல் டெஸ்ட் எடுங்கள். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். பல லேப்களில் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் தருகிறார்கள்:

எல்.டி.எல் = மொத்தக் கொலஸ்ட்ரால் − எச்.டி.எல் − (ட்ரைகிளிசரைடு ÷ 5)

எச்.டி.எல் என்பது நல்ல கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு. என் முதல் ரிப்போர்ட்டில் மொத்தம் 204, எச்.டி.எல் 44, ட்ரைகிளிசரைடு 160. ஐந்தால் வகுத்தால் 32. ஆக 204 − 44 − 32 = 128. சாப்பிட்டுவிட்டுப் போனால் ட்ரைகிளிசரைடு ஏறி, எல்.டி.எல் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கே செல்லாது. நேரடியாக அளக்கும் டெஸ்ட்டைக் கேட்டு எடுங்கள்.

ஒரு ரிப்போர்ட் போதாது. சாப்பாட்டில் எதுவும் மாறாவிட்டாலும் ஒரே ஆளின் எல்.டி.எல் ஒரு தடவைக்கு இன்னொரு தடவை பத்து சதவீதம் வரை முன்பின் ஆடும். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டும் ஒரே லேப்பில். இந்த முறை கோத்தகிரியிலும் அடுத்த முறை கோயம்புத்தூரிலும் எடுத்தால் ஒப்பிட முடியாது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்திருந்தால் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள், காய்ச்சல் எல்.டி.எல்லை இறக்கிக் காட்டும்.

இரண்டாம் படி: முட்டையை மட்டும் மாற்றுங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். 128 என்று பார்த்ததும் மறுநாளே முழு முட்டை சாப்பிடத் தொடங்கினேன். எப்படி? இரண்டு டீஸ்பூன் நெய்யில் ஆம்லெட், கூடவே வெண்ணெய் தடவிய ரெண்டு பிரெட். ஆறு வாரம் கழித்து 147. முட்டைதான் கெடுத்தது என்று முடிவு செய்து ஒரு வருடம் மஞ்சளைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்.டி.எல்லை மஞ்சள் கருவின் கொலஸ்ட்ராலைவிட அதிகமாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. ஒரு முட்டையில் அது ஒன்றரை கிராம் சொச்சம்தான். இரண்டு டீஸ்பூன் நெய்யில் ஏறக்குறைய 6 கிராம், பிரெட்டில் தடவிய பத்து கிராம் வெண்ணெயில் 5 கிராம். முட்டையைச் சோதிப்பதாக நினைத்து நெய்யையும் வெண்ணெயையும் சோதித்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயில் பொரித்தாலும் இதே கதைதான்; அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு.

அதனால் சோதனைக் காலத்தில் அவித்த முட்டை மட்டும். வேறு எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினமும் டீயோடு ரெண்டு வர்க்கி கடிப்பவர் என்றால் அதே ரெண்டைத் தொடருங்கள். வர்க்கியை நிறுத்திவிட்டு முட்டை சாப்பிட்டால், எல்.டி.எல் இறங்கினாலும் அது எதனால் என்று தெரியாது.

அவிப்பதில் மலைக்கு ஒரு சங்கதி உண்டு. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிச் சமையல் குறிப்பில் சொன்ன நேரத்துக்கு எடுத்தால் நடுவில் மஞ்சள் கொழகொழவென்று இருக்கும். கொதி வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடுங்கள். மேலே ஊட்டியில் இன்னும் கொஞ்சம். பலர் குக்கரைச் சொல்வார்கள். முட்டைக்கு எனக்கு மூடி போட்ட சின்னப் பாத்திரம்தான் பிடிக்கும், ஓடு வெடிப்பதில்லை.

மூன்றாம் படி: ஆறு வாரம், பிறகு மறுபடி இரண்டு டெஸ்ட்

மாற்றம் நிலைக்க நான்கு வாரமாவது வேண்டும். நான் ஆறு வாரம் விடுகிறேன். இரண்டாம் தடவை என் தொடக்க அளவுகள் 126, 136, சராசரி 131. ஆறு வார முட்டைக்குப் பிறகு 133, 139, சராசரி 136. ஐந்து புள்ளி என்பது சாதாரண ஆட்டத்துக்குள் அடங்கும். மஞ்சள் கரு எனக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

அதே வீடு, அதே அடுப்பு, அதே முட்டை. என் மனைவிக்கு 118-இலிருந்து 143. அவர் நம்பவில்லை. எனவே ஆறு வாரம் மஞ்சளை நிறுத்தி மறுபடி எடுத்தோம்: 120. நிறுத்தினால் இறங்குகிறது என்பதையும் பார்த்த பிறகுதான் முட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. ஏற்றம் கண்டவர்கள் இந்தத் திருப்புச் சோதனையை விடாதீர்கள். அவர் இப்போது தினமும் வெள்ளை, வாரம் இரண்டு நாள் மட்டும் மஞ்சளோடு.

பிற்சேர்க்கை

நாட்டுக்கோழி முட்டை என்றால் சரியா என்று பலர் கேட்டிருந்தார்கள். மஞ்சளின் நிறம் கோழி தின்ற தீனியைச் சொல்லும், கொலஸ்ட்ராலைச் சொல்லாது. சின்ன முட்டை என்றால் அந்த அளவுக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாமக்கல் முட்டையோ நாட்டு முட்டையோ, ஆறு வாரமும் ஒரே வகையாக இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து ஒருவர் தன் தொடக்க அளவே 196 என்றும், முட்டையை நிறுத்தினால் போதுமா என்றும் எழுதியிருந்தார். போதாது. 190-க்கு மேல் போனால் பெரும்பாலும் பரம்பரைக் காரணமோ தைராய்டு குறைவு போன்ற வேறு கோளாறோ இருக்கும். அவர் முட்டைச் சோதனையில் ஆறு வாரத்தைக் கழிக்காமல் தைராய்டு டெஸ்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி, பிள்ளைகளுக்கும் ஒரு தடவை லிப்பிட் எடுத்துப் பார்ப்பது நல்லது.