லீஸ் மெஷின் கணக்கு: முதல் நாள் என்ட்ரியில் நடக்கும் தவறுகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி டோ லாஸ்டிங் மெஷின் ஒன்றை லீஸுக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் 1-4-2024, காலம் 4 வருஷம். வாடகை வருஷத்துக்கு 6,00,000 ரூபாய். ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் அந்த வருஷத்து வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். இதோடு வட்டியில்லா டெபாசிட் 2,00,000. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்ப வரும். மெஷினை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லை. எளிமையான ஒப்பந்தம்தான். ஆனால் முதல் நாள் என்ட்ரியில் ஒரு எண் பிசகினால் நாலு வருஷமும் அந்தப் பிசகு கூடவே வரும்.

என்ட்ரிக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விதி உங்கள் கணக்குக்குப் பொருந்துமா? மெஷினைப் பயன்படுத்தும் உரிமையைப் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும், கட்ட வேண்டிய வாடகையை லீஸ் பொறுப்பாகவும் எழுதச் சொல்வது இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரநிலை. 1-4-2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், பட்டியலிடாவிட்டாலும் நிகர மதிப்பு 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்கும், இவற்றின் தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். பேரணாம்பட்டில் கூட்டாண்மை நிறுவனமாக நடக்கும் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு இது தேவையே இல்லை. அங்கே பழைய ஏஎஸ் 19 தான். இது போன்ற சாதாரண லீஸில் வாடகையைச் செலவில் எழுதினால் போதும். மாறாக, நம் ஆம்பூர் கம்பெனி சிறியதாகவே இருக்கலாம், ஆனால் தாய்க் கம்பெனி சென்னையில் உள்ள ஒரு பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால் தப்ப முடியாது. 'நம்ம யூனிட் சின்னது' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

"பதினொரு மாத ஒப்பந்தமாப் போட்டுட்டா போச்சு" என்பது இன்னொரு பேச்சு. 12 மாதமோ அதற்குக் குறைவோ ஆன லீஸுக்கு விலக்கு உண்டு என்பது நிஜம். ஆனால் புதுப்பிக்கும் உரிமை உங்கள் கையில் இருந்து, மெஷினைத் தரையில் போல்ட் போட்டு லைனையே அதைச் சுற்றி அமைத்த பிறகு, அடுத்த வருஷமும் நிச்சயம் வைத்துக்கொள்வீர்கள் என்பது யாருக்கும் தெரியும். புதுப்பிப்பது கிட்டத்தட்ட உறுதி என்றால் அந்தக் காலத்தையும் லீஸ் காலத்தில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். லீஸ் பொறுப்பு என்பது தொடக்க நாளில் இன்னும் கட்டாமல் இருக்கிற வாடகைகளிலிருந்து வட்டியைக் கழித்தால் கிடைக்கும் இன்றைய மதிப்பு. மொத்த வாடகை 24,00,000 என்று அப்படியே எழுதுவது பச்சையான தவறு, அதை யாரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். நுணுக்கமான தவறு எக்செலில் நடக்கிறது. நம் கம்பெனி டேர்ம் லோன் வாங்கினால் வங்கி கேட்கும் வட்டி 10% என்று வைத்தால், பலர் பழக்கதோஷத்தில் இப்படி அடிப்பார்கள்:

```
=PV(10%,4,-600000)
```

19,01,919 என்று வரும். ஒவ்வொரு வாடகையையும் வருஷக் கடைசியில் கட்டுவதாக அந்தச் சூத்திரம் நினைத்துக்கொள்கிறது. நாம் கட்டுவதோ வருஷத் தொடக்கத்தில். முதல் வாடகை 1-4-2024 அன்றே கட்டியாகிவிட்டது, அது பொறுப்பே அல்ல. மீதி இருப்பது மூன்று வாடகைகள். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து வருபவை.

```
=PV(10%,3,-600000)
```

இது தரும் 14,92,111 தான் லீஸ் பொறுப்பு. முதல் வாடகை 6,00,000 நேராகச் சொத்தில் சேரும்.

தவறான எண்ணை வைத்தால் எப்படித் தெரியும்? அட்டவணையைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். 19,01,919இல் முதல் வாடகையைக் கழித்து, வட்டி சேர்த்து, அடுத்த வாடகையைக் கழித்து, இப்படியே போனால் நாலாவது வாடகைக்குப் பிறகு பொறுப்பு லெட்ஜர் 2,53,146 ரூபாய் டெபிட்டில் நிற்கும். பொறுப்பு டெபிட்டில் நிற்க நியாயமே இல்லை. வருத்தம் என்னவென்றால் பலர் முதல் வருஷத்தோடு அட்டவணையை நிறுத்திவிடுவார்கள், பிசகு 2027இல்தான் வெளிவரும்.

வட்டி விகிதத்திலும் நம் பக்கத்து ஏற்றுமதி கம்பெனிகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. மெஷின் கொடுத்தவர் வாடகைக்குள் அடக்கி வைத்திருக்கும் வட்டி பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அதனால் நாம் கடன் வாங்கினால் ஆகும் வட்டியை வைக்கிறோம். உடனே கைக்கு வருவது பேக்கிங் கிரெடிட் வட்டி, ஏனென்றால் அது குறைவு, வங்கி ஸ்டேட்மென்டிலும் இருக்கிறது. ஆனால் அது ஏற்றுமதி ஆர்டருக்காகச் சில மாதங்களுக்கு வாங்கும் கடன். தேவைப்படுவது இதே மாதிரி மெஷினை, இதே நாலு வருஷத்துக்கு, இதே போன்ற ஜாமீனில் வாங்க ஆகும் வட்டி. அது டேர்ம் லோன் வட்டிக்குத்தான் பக்கம். 10%க்குப் பதில் 8% வைத்தால் பொறுப்பு 15,46,258 ஆகிவிடும். விகிதம் எங்கிருந்து வந்தது என்று வங்கியின் சாங்ஷன் கடிதத்தையோ மின்னஞ்சலையோ ஃபைலில் வைத்துவிட்டால் ஆடிட்டில் பாதி கேள்வி குறையும்.

டெபாசிட்டை இரண்டு விதமாகக் கெடுப்பார்கள். ஒன்று, 2,00,000ஐ முழுதாகச் சொத்தில் சேர்ப்பது. திரும்ப வரும் பணம் எப்படி மெஷினின் விலையாகும்? இன்னொன்று, டெபாசிட் லெட்ஜரில் 2,00,000 என்றே நாலு வருஷமும் விட்டுவிடுவது. இண்ட் ஏஎஸ் 109 படி அதையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். இந்த மாதிரி டெபாசிட்டுக்குச் சந்தை வட்டி 8% என்றால் மதிப்பு 1,47,006. வட்டியில்லாமல் பணத்தை முடக்கியதால் விட்டுக்கொடுத்த 52,994 ரூபாய் உண்மையில் மெஷினுக்காகக் கொடுத்த கூடுதல் விலை; அந்த வித்தியாசம் மட்டும்தான் சொத்தில் சேரும்.

ஆக சொத்து 14,92,111 + 6,00,000 + 52,994 = 21,45,105.

இனி பணம் போகும் கதை. மெஷின் வாடகைக்கு ஜிஎஸ்டி 18% போட்டு பில் வருகிறது, 1,08,000. மெஷின் வாடகைக்கு டிடிஎஸ் 2%, அதாவது 12,000 பிடிக்கிறோம். வாடகைக்காகப் போவது 6,96,000, டெபாசிட்டோடு சேர்த்து வங்கியிலிருந்து போவது 8,96,000. இதில் எந்த எண்ணைச் சொத்தில் போடுவது என்று டேலி முன்னால் உட்கார்ந்தவர் குழம்புவார். விடை எப்போதும் 6,00,000 தான். உள்ளீட்டு வரியாக எடுக்கக்கூடிய ஜிஎஸ்டி சொத்திலும் சேராது, பொறுப்பிலும் சேராது. டிடிஎஸ் என்பது மெஷின் கொடுத்தவர் சார்பாக நாம் அரசுக்குக் கட்டும் அவர் பணம். முதல் நாள் என்ட்ரி முழுதாக:

டெபிட்: பயன்பாட்டு உரிமைச் சொத்து 21,45,105
டெபிட்: லீஸ் டெபாசிட் 1,47,006
டெபிட்: ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி 1,08,000
கிரெடிட்: லீஸ் பொறுப்பு 14,92,111
கிரெடிட்: கட்ட வேண்டிய டிடிஎஸ் 12,000
கிரெடிட்: வங்கி 8,96,000

இரண்டு பக்கமும் 24,00,111. அடுத்த ஏப்ரலில் வாடகை கட்டும்போதும் இதே ஒழுங்குதான். பொறுப்பில் டெபிட் 6,00,000. வங்கியில் போன தொகையைப் பார்த்து 6,96,000 என்றோ, டிடிஎஸ் போக 5,88,000 என்றோ டெபிட் செய்தால் அட்டவணையும் லெட்ஜரும் அன்றிலிருந்து பிரிந்துவிடும்.

முதல் மார்ச் 31 வரும்போது அக்கவுன்டன்ட் கேட்பார்: "சார், வாடகை ஏப்ரல்லயே கட்டியாச்சு, அடுத்தது நாளைக்குத்தான். இன்னிக்கு எதுக்கு வட்டி?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் 14,92,111 ரூபாய் கடன் வருஷம் முழுக்க நின்றிருக்கிறது. அதற்கு 10% வட்டி 1,49,211, பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் 31-3-2025 அன்றே நிதிச் செலவில் டெபிட் ஆகி, பொறுப்பில் கிரெடிட் ஆக வேண்டும். பொறுப்பு 16,41,322 ஆகும். இதில் அடுத்த நாள் கட்டப் போகிற 6,00,000 நடப்புப் பொறுப்பு, மீதி 10,41,322 நீண்ட காலப் பொறுப்பு. பேலன்ஸ் ஷீட்டில் இதை வங்கிக் கடனோடு கலக்காதீர்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் லீஸ் பொறுப்புக்குத் தனி வரியே இருக்கிறது.

அதற்கடுத்த வருஷம் 10,41,322க்கு வட்டி 1,04,132, அதற்கும் அடுத்த வருஷம் 54,545. நாலாவது வருஷம் வட்டியே இல்லை, ஏனென்றால் 1-4-2027 அன்று கடைசி வாடகை கட்டியதும் பொறுப்பு தீர்ந்துவிடும். மெஷின் மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஓடும். டெபாசிட்டும் தன் பங்குக்கு வளரும்: முதல் வருஷம் 11,760 ரூபாய் வட்டி வருமானமாக எழுதி, நாலு வருஷத்தில் 2,00,000க்குக் கொண்டுவர வேண்டும்.

தேய்மானத்தில் நடக்கும் தவறு மென்பொருளால் நடக்கிறது. சொத்துப் பதிவேட்டில் 'பிளான்ட் அண்ட் மெஷினரி' என்று வகை கொடுத்ததும் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலிருந்து 15 வருஷ ஆயுள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். மெஷின் 15 வருஷம் உழைக்கலாம், ஆனால் நமக்கு உரிமை நாலு வருஷம்தான். கடைசியில் மெஷின் நமக்குச் சொந்தமாகும் அல்லது வாங்கும் உரிமையைப் பயன்படுத்துவது உறுதி என்றால்தான் மெஷினின் ஆயுளை எடுக்கலாம். இங்கே 21,45,105ஐ நாலால் வகுத்து வருஷத்துக்கு 5,36,276. இதனால் முதல் வருஷச் செலவு, டெபாசிட் வட்டி போக 6,73,727 ஆகும், வாடகையைவிட அதிகம். முதலாளி கேட்டால் பயப்பட வேண்டாம். நாலாவது வருஷம் அது சுமார் 5,21,000க்கு இறங்கிவிடும்.

வருமான வரியில் இந்தக் கதையே வேறு. அங்கே கழிப்பது உண்மையில் கட்டிய வாடகை 6,00,000. இந்தத் தேய்மானத்தையும் லீஸ் வட்டியையும் லாபத்தில் திரும்பக் கூட்ட வேண்டும், டெபாசிட்டின் கற்பனை வட்டியை நீக்க வேண்டும். சொத்தை வருமான வரித் தேய்மானப் பட்டியலில் சேர்த்துவிட்டு வாடகையையும் கழித்தால் ஒரே செலவை இரண்டு தரம் கேட்டதாகிவிடும். இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளிக்கு ஒத்திவைத்த வரி என்ட்ரியும் போட வேண்டும்.

31-3-2028 அன்று மெஷின் திரும்பிப் போகும். டெபாசிட் 2,00,000 வங்கியில் வரவாகும். சொத்தின் 21,45,105ஐயும் சேர்ந்த தேய்மானத்தையும் எதிரெதிராகப் போட்டு நீக்க வேண்டும். நிகர மதிப்பு பூஜ்யம்தானே என்று இதை விட்டுவிட்டால், ஆம்பூரில் இல்லாத ஒரு மெஷின் பதிவேட்டில் வருஷக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். அந்த மெஷினையே பேரம் பேசி வாங்கிக்கொண்டாலும் பழைய வரியில் விலையைக் கூட்டாதீர்கள். அதை நீக்கிவிட்டு, வாங்கிய விலைக்குப் புதுச் சொத்தாக எழுதுங்கள். அப்போது ஆயுள் என்பது அந்தப் பழைய மெஷின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதைப் பொறுத்தது.