மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது

மண்டபம் ஊரில் கருவாட்டுக் கடையில் நாள் முழுதும் உட்கார்ந்தே கணக்குப் பார்க்கும் எனக்கு, 112 கிலோ எடையில், மொட்டைமாடி ஓலைப்பாயில் மல்லாந்து படுத்த இரண்டாம் நிமிடமே மூச்சு முட்டியது. எழுந்து சுவரில் சாய்ந்தால் அடங்கியது. இதயக் கோளாறிலும் இப்படி வரும் என்பதால் மருத்துவர் முதலில் எக்கோ எடுத்துப் பார்த்தார். அது சீராக இருந்தது. பிறகு விரலில் கருவியை மாட்டியபோது, உட்கார்ந்த நிலையில் 96 சதவீதம் காட்டிய ஆக்சிஜன், படுத்ததும் 91க்கு இறங்கியது.

நிற்கும்போது வயிறு கீழ்நோக்கித் தொங்குவதால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடம் இருக்கிறது. மல்லாந்தால் அந்தப் பாரமே அதை மார்புக்குள் தள்ளுகிறது என்று அவர் விளக்கினார். மூச்சை இயல்பாக விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று மிகவும் குறைந்து, அடிப்பகுதியின் சிறு காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்ள, அங்கே ஓடும் இரத்தம் போதிய ஆக்சிஜன் பெறாமலே திரும்புகிறது.

நான் முதலில் செய்தது தவறு: மூன்று தலையணைகளை அடுக்கியதில் இடுப்பு மடிந்து, வயிறு இன்னும் அழுத்தியது. பின்னர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து, உடல் முழுவதும் ஒரே சரிவில் இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தேன். அன்று விடியும்வரை தூங்கினேன். செங்கல் வயிற்றைக் குறைத்துவிடாது அல்லவா? ஏழு மாதத்தில் 11 கிலோ இறங்கிய பிறகுதான், படுத்த நிலையிலும் 94 காட்டியது. குறட்டையும் பகல் தூக்கமும் இன்னும் போகாததால், உறக்கப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.